317 எங்கிருந்து வந்தது?

எம்.எட். மாணவி ஒருத்தி தன் ஆய்வுத் திட்டத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். ஒரு கல்வி ஒன்றியத்தின் அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் டியூஷன் போகிறார்கள், ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் அதில் வித்தியாசம் உண்டா என்பது அவள் எடுத்துக்கொண்ட கேள்வி. ஒன்றியத்தில் 24 பள்ளிகள். ஒன்பதாம் வகுப்பில் மொத்தம் 1,800 பேர். (கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களை முழுசாக்கியிருக்கிறேன்.) மாதிரி பற்றிய பகுதியில் இரண்டே வரிகள்தான் இருந்தன. கிரெய்சி–மார்கன் அட்டவணைப்படி மாதிரியின் அளவு 317. சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்படும்.

"317 ஏம்மா?"

"அட்டவணையில 1,800க்கு நேரா அதுதான் சார் இருக்கு."

"சரி, இந்த 317 பேரை எங்கே போய்ப் பிடிப்பே?"

"எனக்குத் தெரிஞ்ச டீச்சர்ஸ் எட்டு ஸ்கூல்ல இருக்காங்க சார். ஒவ்வொண்ணுலயும் நாப்பது பேர்."

எட்டு நாற்பது 320. கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கடைசி பதிலோடு 317 என்ற எண் செத்துப்போனது. அது அவளுக்குத் தெரியவில்லை. திட்டத்தைப் பரிசீலிக்கிற குழுவிலும் பாதிப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம்.

முதலில் அட்டவணையின் கதை. ராபர்ட் கிரெய்சி, டாரில் மார்கன் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1970இல் ஒரு சின்னக் கட்டுரையில் அதை வெளியிட்டார்கள். சூத்திரமும் அவர்கள் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்க ஆசிரியர் சங்கமான தேசியக் கல்விச் சங்கத்தின் ஆய்வுப் பிரிவு 1960இல் கொடுத்திருந்ததை எடுத்து, ஆளுக்கு ஆள் கணக்குப் போட வேண்டாமே என்று அட்டவணையாக்கித் தந்தார்கள். அந்த உபகாரம்தான் இன்று உபத்திரவமாகியிருக்கிறது. கணக்குப் போடத் தேவையில்லை என்பதால், அந்தக் கணக்கு எதை எல்லாம் ஏற்றுக்கொண்டு தொடங்குகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

அது ஏற்றுக்கொள்வது நான்கு விஷயங்கள். கேள்வி ஒரு சதவீதத்தைப் பற்றியது: நூற்றுக்கு எத்தனை பேர் டியூஷன் போகிறார்கள் என்பது போல. விடை ஐந்து புள்ளி முன்னேபின்னே இருந்தால் போதும். இதே முறையில் நூறு தடவை மாதிரி எடுத்தால் சுமார் 95 தடவை உண்மை அந்த எல்லைக்குள் விழ வேண்டும். நான்காவதுதான் முக்கியம். 1,800 பேரும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள், அந்தப் பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்கி ஆட்களை எடுக்கிறோம், எவருக்கும் கூடக்குறைய வாய்ப்பில்லை. இந்த நான்கும் இருந்தால் 317 சரி. அப்போது மாதிரியில் 40 சதவீதம் பேர் டியூஷன் போவதாக வந்தால், ஒன்றியம் முழுவதிலும் அது 35க்கும் 45க்கும் இடையில் இருக்கும் என்று சொல்லலாம்.

சூத்திரத்துக்குள் இன்னொரு ஊகமும் இருக்கிறது: சரிபாதிப் பேர் போகிறார்கள் என்பது. ஏன் பாதி? கருத்து பாதிக்குப் பாதி பிரிந்து கிடக்கும்போதுதான் மாதிரிக்கு மாதிரி விடை அதிகம் ஆடும். அதற்கே தாங்குகிற எண்ணிக்கையை எடுத்துவிட்டால், உண்மை 20 சதவீதமாக இருந்தாலும் 70ஆக இருந்தாலும் கவலையில்லை.

மாணவர்களிடம் அடிக்கடி கேட்கிற இன்னொரு வாய்ப்பாடு, மொத்தத்தில் பத்து சதவீதம் எடுத்தால் போதும் என்பது. 1,800இல் பத்து சதவீதம் 180. அதை வைத்தால் பிழை ஐந்து புள்ளி அல்ல, ஏழு புள்ளி. அதே வாய்ப்பாட்டைப் பத்து லட்சம் பேருக்குப் போட்டால் ஒரு லட்சம் பேரைத் தேட வேண்டும். அட்டவணையோ 1,000 பேருக்கு 278, பத்தாயிரத்துக்கு 370, பத்து லட்சத்துக்கு 384 என்கிறது. மொத்தம் ஆயிரம் மடங்கு பெருகியும் மாதிரி நூற்றுச் சொச்சம்தான் கூடியிருக்கிறது. துல்லியத்தைத் தருவது, எடுத்த ஆட்களின் எண்ணிக்கைதான். மொத்தத்தில் அது எத்தனை பங்கு என்பது, மொத்தம் சிறியதாக இருக்கும்போது மட்டும் கொஞ்சம் உதவும்.

இனி அந்த எட்டுப் பள்ளிகள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது உண்மைதான், ஏனென்றால் அது ஒரு பானை. ஒரே உலை, ஒரே தீ. 24 பள்ளிகள் 24 பானைகள். ஒன்றியத் தலைநகரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற பள்ளியில் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் டியூஷன் போவார்கள், அங்கே தெருவுக்கு ஒரு டியூஷன் சென்டர் இருக்கிறது. பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் பஸ் இல்லாத ஊரின் பள்ளியில் நான்கு பேர் போனால் அதிகம். அந்த ஊர்ப் பள்ளியில் முதல் ஐந்து பிள்ளைகளைக் கேட்டவுடனேயே நிலவரம் தெரிந்துவிடும். மீதி முப்பத்தைந்து பேரும் பெரும்பாலும் அதையேதான் திரும்பச் சொல்வார்கள். நாற்பது படிவம் நிரம்பும். நாற்பது பேருடைய செய்தி கிடைக்காது.

இதை அளக்க ஒரு கணக்கு உண்டு. லெஸ்லி கிஷ் என்ற ஹங்கேரியில் பிறந்த அமெரிக்கப் புள்ளியியலாளர் 1965இல் எழுதிய கூறெடுப்புப் புத்தகம் இதைப் பிரபலப்படுத்தியது. டிசைன் எஃபெக்ட் என்று பெயர். ஒரு பள்ளியிலிருந்து எடுக்கும் ஆட்கள் m. ஒரே பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதைக் காட்டும் எண் ρ.

```
deff = 1 + (m - 1) * ρ
```

ஒரே பள்ளி என்பதால் எந்த ஒற்றுமையும் இல்லை என்றால் ρ சைபர். எல்லாரும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே பதில் சொன்னால் 1. பள்ளி சார்ந்த விஷயங்களில் 0.1 என்பது மிகை அல்ல. டியூஷன் போன்று ஊரைப் பொறுத்த விஷயத்தில் அதற்கு மேலேயும் போகலாம். 0.1 என்றே வைத்துக்கொள்வோம். 39ஐ 0.1ஆல் பெருக்கி 1 கூட்டினால் 4.9. மாணவியின் 320ஐ இதனால் வகுத்தால் 65. அதாவது எட்டுப் பள்ளிகளில் எடுத்த 320 பேர், பட்டியலில் சீட்டுக் குலுக்கி எடுத்த 65 பேருக்குச் சமம். பிழை ஐந்து புள்ளியிலிருந்து பன்னிரண்டு புள்ளிக்கு ஏறிவிடுகிறது. இருக்கிற 24 பள்ளிகளில் எட்டு, அதாவது மூன்றில் ஒரு பங்கைப் பார்த்துவிடுகிறோம் என்பதற்குச் சலுகை கொடுத்தால் பத்துப் புள்ளியை ஒட்டி வந்து நிற்கும். அதற்குக் கீழே இறங்காது. அதுவும் அந்த எட்டைக் குலுக்கி எடுத்திருந்தால். தெரிந்த டீச்சர் இருக்கிற பள்ளிகள் என்றால் இந்தக் கணக்கே கிடையாது.

அவள் முகம் வாடிப்போனது. "அப்போ எத்தனை பேர் சார் எடுக்கணும்? ஆயிரத்து ஐநூறா?"

இங்கேதான் பலர் தவறான பக்கம் திரும்புகிறார்கள். எட்டுப் பள்ளியிலும் ஆட்களைக் கூட்டிக்கொண்டே போனால் பலன் மிகக் குறைவு. அந்த எட்டிலும் ஒருவர் விடாமல் எல்லாரையும் கேட்டாலும், பார்க்காத பதினாறு பள்ளிகளைப் பற்றித் தெரியாததுதான் பிழையின் பெரும்பகுதி. அது அப்படியே இருக்கும். கூட்ட வேண்டியது பள்ளிகளின் எண்ணிக்கையை. அதே 320 சொச்சம் படிவங்களை 24 பள்ளிகளிலும் பரப்பினால், பள்ளிக்குப் பள்ளி உள்ள வேறுபாடு பிழைக் கணக்கிலிருந்தே விலகிவிடுகிறது. எல்லாப் பானையிலும் கரண்டி போட்டாகிவிட்டது. மிச்சம் இருப்பது பள்ளிக்குள் பிள்ளைக்குப் பிள்ளை உள்ள வேறுபாடு மட்டும். பிழை ஐந்து புள்ளிக்குள் வந்துவிடும். காகிதச் செலவு ஒன்றுதான். பஸ் செலவு மட்டும் கூடும்.

பெரிய ஆய்வுகளும் இந்தப் பக்கம்தான் சாய்கின்றன. நம் நாட்டின் கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் பார்க்கிற ஏசர் ஆய்வு, ஒரு மாவட்டத்துக்கு 600 வீடுகளை எடுக்கிறது. ஆறு கிராமத்தில் நூறு நூறு வீடாகப் பார்த்தால் அலைச்சல் எவ்வளவோ மிச்சம். அவர்கள் 30 கிராமத்தில் இருபது இருபது வீடாகப் பார்க்கிறார்கள். ஏன் என்பதற்கு மேலே உள்ள ஒரு வரிச் சூத்திரம் போதும்.

இனி எப்படி எடுப்பது? பள்ளிக்கு 14 பேர் என்று சமமாக வைத்தால், 160 பேர் படிக்கிற பள்ளியின் பிள்ளைக்கும் 25 பேர் படிக்கிற பள்ளியின் பிள்ளைக்கும் வாய்ப்பு ஒன்றாக இருக்காது. பின்னால் எடை போட்டுச் சரிசெய்யலாம், ஆனால் எம்.எட். ஆய்வில் அது வீண் தலைவலி. பள்ளியின் அளவுக்குத் தக்கபடி எடுப்பதே நல்லது. 24 பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, பெயர்களுக்கு 1 முதல் 1,800 வரை தொடர் எண் கொடுத்துவிட்டால் ஒரே பட்டியல் ஆகிவிடும். ஐந்து பேருக்கு ஒருவர். 160 பேர் உள்ள பள்ளிக்கு 32, 25 பேர் உள்ள பள்ளிக்கு 5 என்று தானாகவே விழும். மொத்தம் 360.

317 வேண்டிய இடத்தில் ஏன் 360? லீவு போட்டவர்கள், பெற்றோர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தைக் கொண்டுவராதவர்கள், பாதியில் எழுதாமல் விட்டவர்கள் என்று நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் கழிந்தாலும் 317 மிஞ்ச வேண்டும் என்பதற்காக. இப்படி ஒரு காரணம் இருந்தால் அதை எழுத வேண்டும். காரணம் இல்லாமல் சிலர் "350ஆக முழுமையாக்கப்பட்டது" என்று எழுதுகிறார்கள். வைவாவில் வெளித் தேர்வாளர் முதலில் கை வைக்கிற இடம் அது.

ஆனால் கூடுதலாக எடுத்ததால் எண்ணிக்கைதான் காப்பாற்றப்படும். அன்றைக்கு வராத பிள்ளை யார்? வீட்டு வேலைக்கோ கூலிக்கோ போன பிள்ளையாக இருக்கலாம். அது டியூஷன் போகாத பிள்ளையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வந்தவர்களை மட்டும் எண்ணினால் டியூஷன் சதவீதம் உண்மையைவிட மேலே தெரியும். ஆயிரம் பேரை எடுத்தாலும் இந்தச் சாய்வு போகாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்ததை எண்ணி, லேண்டன் ஜெயிப்பார் என்று எழுதியது. 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் பிடித்தார். முகவரிகளைத் தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து எடுத்ததும், சீட்டைத் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்கள் ஒரு மாதிரியானவர்களாக இருந்ததும் காரணங்கள். வகுப்பு வாட்ஸாப் குழுவில் கூகுள் ஃபார்ம் லிங்க் போட்டு, வந்த 400 பதிலை வைத்து "மாதிரி அளவு போதுமானது" என்று எழுதுகிறவர்கள் அந்தப் பத்திரிகையின் வாரிசுகள்.

ஆகவே வராத பிள்ளைக்காக இரண்டாவது முறை போக வேண்டும். அப்போதும் கிடைக்காவிட்டால் இடத்தைக் காலியாக விட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை அந்த இடத்தில் போடக் கூடாது. வகுப்பாசிரியர் நல்லெண்ணத்தோடுதான், "இவன் நல்லா எழுதுவான், இவனை எடுத்துக்குங்க" என்பார். அப்படி மாற்றி எடுத்த மாதிரி தரவைப் பார்த்தாலே காட்டிக்கொடுக்கும். 360க்கு 360 நிரம்பியிருக்கும். களத்துக்குப் போய்வந்த எவரும் நம்ப முடியாத எண் அது.

சில பதிவேடுகளில் ஆண் பிள்ளைகள் பெயர் முதலிலும் பெண் பிள்ளைகள் பெயர் பின்னாலும் இருக்கும். ஐந்துக்கு ஒன்று எடுக்கும் முறைக்கு இதனால் நன்மைதான், இரண்டு பக்கமும் விகிதப்படி வந்துவிடும். ஏதாவது ஓர் ஒழுங்கு ஐந்தைந்தாகத் திரும்பத் திரும்ப வந்தால்தான் ஆபத்து. உதாரணமாக ஐந்து ஐந்து பேராகக் குழு பிரித்து, குழுத் தலைவரை முதலில் எழுதியிருக்கிற பட்டியல். அதைக் கொண்டு எடுத்தால் மாதிரி முழுக்கத் தலைவர்களாகவே வரலாம், அல்லது ஒரு தலைவர்கூட வராமல் போகலாம்.

இனி அவளுடைய இரண்டாவது கேள்வி, ஆண், பெண் வித்தியாசம். கிரெய்சி–மார்கன் அட்டவணைக்கு இந்தக் கேள்வியே தெரியாது. 317 பேரில் பக்கத்துக்குச் சுமார் 160. ஒவ்வொரு பக்கத்தின் சதவீதத்திலும் ஏறக்குறைய எட்டுப் புள்ளி ஆட்டம். இரண்டையும் கழித்துப் பார்க்கும்போது வித்தியாசத்தில் பதினொரு புள்ளி ஆட்டம். இன்னும் கறாராகக் கேட்டால், உண்மையில் வித்தியாசம் பதினைந்து, பதினாறு புள்ளி இருந்தால்தான் இந்த ஆய்வு ஐந்துக்கு நான்கு தடவை அதைப் பிடிக்கும். பத்துப் புள்ளி வித்தியாசத்தை அதே உறுதியோடு பிடிக்க வேண்டுமானால் பக்கத்துக்கு 390 பேருக்கு மேல் வேண்டும், மொத்தம் கிட்டத்தட்ட 800. G*Power என்ற இலவச மென்பொருளில் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. ஆனால் மென்பொருள் முதலில் நம்மைத்தான் கேட்கும்: எவ்வளவு வித்தியாசம் இருந்தால் உங்களுக்குப் பொருட்படுத்தத் தக்கது? அதற்குப் பதில் புள்ளியியலில் இல்லை. முந்தைய ஆய்வுகளிலும், முன்னோட்டமாக ஒன்றிரண்டு பள்ளிகளில் நாமே பார்த்ததிலும்தான் இருக்கிறது. வங்காளத்தில் சணல் பயிரிட்ட பரப்பை அளக்க 1930களின் பிற்பகுதியில் மகலனோபிஸ் இறங்கியபோது, மாகாணம் முழுவதற்கும் ஒரேயடியாகப் போய்விடவில்லை. சின்ன அளவில் தொடங்கி, செலவும் பிழையும் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்துப் பார்த்து ஆண்டுக்கு ஆண்டு விரித்தார்.

800 பேர் அவளால் முடியாது. அப்படியானால் திட்டத்தில், முதல் கேள்விக்காக மாதிரி கணக்கிடப்பட்டது, ஆண், பெண் ஒப்பீட்டில் பெரிய வித்தியாசங்களை மட்டுமே இது காட்டும், சிறிய வித்தியாசம் "இல்லை" என்று இதைக் கொண்டு முடிவுகட்ட முடியாது என்று எழுதிவிட வேண்டும். பல ஆய்வேடுகளில் "ஆண், பெண் இருபாலருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று ஐந்தாம் இயலில் வரிவரியாக வருவதைப் பார்க்கிறேன். அவற்றில் எத்தனை உண்மையிலேயே வேறுபாடு இல்லாதவை, எத்தனை பார்க்கக் கண் போதாதவை என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

24 பள்ளிக்கும் போக முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி கிடைக்காவிட்டால்? அல்லது கிடைத்தும் நாள் போதாவிட்டால்? நேர்மையான வழி இரண்டு உண்டு. ஒன்று, நகரப் பள்ளி, கிராமப் பள்ளி என்று பிரித்து, இரண்டிலிருந்தும் விகிதப்படி மொத்தம் எட்டைக் குலுக்கி எடுப்பது. பிழை பத்துப் புள்ளியை ஒட்டியது என்று ஒப்புக்கொள்வது. மற்றது எனக்குப் பிடித்தது: போக முடிகிற நான்கு பள்ளிகளை மட்டுமே ஆய்வின் எல்லையாக வைத்து, அங்குள்ள ஏறக்குறைய 300 பேரையும் விடாமல் கேட்பது. மாதிரியே கிடையாது, ஆகவே மாதிரிப் பிழையும் கிடையாது. ஆனால் தலைப்பில் ஒன்றியத்தின் பெயர் இருக்கக் கூடாது. இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. நான்கு பள்ளிகளைப் பற்றி உறுதியாகச் சொல்வது, ஒன்றியத்தைப் பற்றி உளறுவதைவிட மேல்.

மாணவி 24 பள்ளி வழியைத்தான் எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் அவள் கொண்டுவந்த பத்தி இப்படி இருந்தது:

"ஆய்வின் முழுமைத்தொகுதி, ஒன்றியத்தின் 24 அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பில் பதிவாகியுள்ள 1,800 மாணவர்கள். டியூஷன் செல்வோரின் சதவீதத்தை 95% நம்பிக்கை மட்டத்தில், 5 புள்ளிப் பிழை வரம்பில் மதிப்பிட 317 பேர் தேவை. டியூஷன் பள்ளிக்குப் பள்ளி பெரிதும் மாறக்கூடியது என்பதால், சில பள்ளிகளை மட்டும் எடுக்காமல் எல்லாப் பள்ளிகளும் சேர்க்கப்படுகின்றன. வருகைப் பதிவேடுகளைத் தொடர் எண்ணிட்டு, குலுக்கி எடுத்த தொடக்க எண்ணிலிருந்து ஐந்தாவது பெயர் ஒவ்வொன்றும் எடுக்கப்படும். 12% இழப்பை எதிர்பார்த்து 360 பேர். வராதவர்களை இரண்டாம் முறை சந்திக்க முயற்சி செய்யப்படும். அவர்களுக்குப் பதில் வேறு எவரும் சேர்க்கப்பட மாட்டார்கள். ஆண், பெண் ஒப்பீட்டில் சுமார் 15 புள்ளிக்குக் குறைந்த வேறுபாடுகளை இம்மாதிரி தவறவிடக்கூடும். தனியார் பள்ளி மாணவர்களுக்கு இம்முடிவுகள் பொருந்தா."

தமிழ் கொஞ்சம் விறைப்புதான், ஆய்வுத் திட்டத்துக்கு அது போதும். "தொடக்க எண்ணை எப்போ குலுக்கப் போறே?" என்று கேட்டேன். கைப்பையிலிருந்து ஐந்து சீட்டுகளை எடுத்து மேசையில் போட்டாள். ஆபீஸ் பையனைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னோம். மூன்று வந்தது. தேதி போட்டு நானும் ஓரத்தில் கையெழுத்திட்டேன். 3, 8, 13 என்று போய், அவள் பட்டியலின் கடைசிப் பெயர் 1,798ஆம் எண்ணில் முடியும்.